போர்ட் மூன்று, படம் இரண்டு

பங்குத் தரகு அலுவலகங்களில் மூன்று மானிட்டர் வைத்த மேசை இப்போது சாதாரணமாகிவிட்டது. ஒன்றில் விலைப் பட்டியல், ஒன்றில் சார்ட், ஒன்றில் ஆர்டர் போடும் சன்னல். கணக்குப் பிரிவுகளிலும் அப்படித்தான்: டேலி ஒரு பக்கம், எக்செல் ஒரு பக்கம், மெயில் ஒரு பக்கம். இரண்டு மானிட்டரோடு வேலை செய்கிறவர் மூன்றாவதைக் கேட்கும்போது, சிபியு பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதான் மூணு போர்ட் இருக்கே, ஒண்ணு சும்மாதானே கிடக்கு" என்பார். கடைக்காரரும் தலையாட்டி ஒரு கேபிளை வெட்டிக் கொடுப்பார். மானிட்டர் வரும், மேசையில் ஏறும், கேபிள் சொருகப்படும், எரியாது. அல்லது அது எரிந்து, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த ஒன்று அணைந்துபோகும்.

மானிட்டரும் கெடவில்லை, கேபிளும் கெடவில்லை. எண்ணிய பொருள்தான் தவறு. பின்னால் இருக்கும் போர்ட் என்பது படம் வெளியே வரும் வாசல். எத்தனை தனித்தனிப் படங்களை ஒரே நேரத்தில் வரைய முடியும் என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப். பந்தியில் மூன்று வரிசை இலை போட்டிருந்தாலும் பரிமாற இரண்டு பேர்தான் என்றால் ஒரு வரிசை காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே முதலில் எண்ண வேண்டியது பரிமாறுகிறவர்களை.

இதில் இரண்டு இடத்தில் கடிவாளம் இருக்கிறது. ஒன்று பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், மற்றொன்று மதர்போர்டின் சிப்செட். இன்டெல் 2012இல் விட்ட மூன்றாம் தலைமுறை கோர் பிராசசரிலிருந்து, உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ஒரே நேரத்தில் மூன்று படம் வரையும். அதற்கு முன்பு இரண்டுதான். பன்னிரண்டாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் நான்கு. இதை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. விலை குறைந்த போர்டுகளுக்கென்று இன்டெல் தயாரித்த சிப்செட்டுகளில் எச்110, எச்310, எச்410 ஆகிய மூன்றும் இரண்டு படத்தோடு நிறுத்திக்கொள்ளும். நம் ஊர் அலுவலகங்களில் அசெம்பிள் செய்யப்பட்ட கம்ப்யூட்டர்களைத் திறந்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது இந்த ரகப் போர்டுகள்தான். இவற்றில் சிலவற்றின் பின்னால் வி.ஜி.ஏ., டி.வி.ஐ., எச்.டி.எம்.ஐ. என்று மூன்று போர்ட்டும் வரிசையாக இருக்கும். பழைய மானிட்டர் வைத்திருப்பவருக்கும் புதியது வைத்திருப்பவருக்கும் ஏதாவது ஒன்று பொருந்தட்டும் என்று வைத்தவை அவை. மூன்றையும் சேர்த்து எரியவிட அல்ல.

உங்களிடம் இருப்பது எந்தப் போர்டு என்று பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டாம். விண்டோஸ் பொத்தானையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் சிறு கட்டத்தில் `msinfo32` என்று தட்டுங்கள். திறக்கும் பட்டியலில் BaseBoard Product என்ற வரியில் போர்டின் பெயரும், Processor என்ற வரியில் பிராசசரின் பெயரும் இருக்கும். போர்டின் பெயரை அப்படியே தேடினால் தயாரிப்பாளரின் பக்கம் வரும். அதில் எத்தனை போர்ட் என்ற வரியை விட்டுவிட்டு, ஒரே நேரத்தில் எத்தனை திரை என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் சிறிய எழுத்தில், கிராபிக்ஸ் பகுதியின் கடைசியில் ஒளிந்திருக்கும்.

பிராசசர் பெயரின் வாலையும் கவனிக்க வேண்டும். இன்டெல் பிராசசர் எண்ணின் கடைசியில் F என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்பதால் கடையில் அதைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதைப் போட்டால் போர்டில் இருக்கும் எச்.டி.எம்.ஐ., வி.ஜி.ஏ. எல்லாம் வெறும் அலங்காரம். ஏ.எம்.டி.யில் இதே கதை வேறு மாதிரி நடக்கும். ரைசன் 5600 என்றால் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி என்றால் உண்டு.

இனி ஒரு மேசையை எடுத்துக்கொண்டு முழுக்கப் போட்டுப் பார்ப்போம். கோர் ஐ3-8100 பிராசசர், எச்310 போர்டு, போர்டில் ஒரு வி.ஜி.ஏ., ஒரு எச்.டி.எம்.ஐ. பழைய 19 அங்குல மானிட்டர் ஒன்று, அதில் வி.ஜி.ஏ. மட்டும். 22 அங்குலத்தில் ஒன்று, அது எச்.டி.எம்.ஐ.யில் ஓடுகிறது. புதிதாக 24 அங்குலத்தில் ஒன்று வாங்க வேண்டும். பிராசசருக்கு மூன்று படம் வரையத் தெரியும், ஆனால் போர்டு இரண்டோடு கையைக் கட்டிவிடுகிறது. ஆக, இருக்கிற சாமான்களைக் கொண்டு மூன்றாவது படம் வரவே வராது.

இந்த இடத்தில்தான் மலிவான யோசனைகள் வரிசையாக வரும். முதல் யோசனை எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர். ஒரு போர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி. அது ஒரே படத்தை இரண்டு திரையில் காட்டும். கடை வாசலில் விளம்பரம் ஓட்ட நல்ல சாமான், சார்ட் ஒரு பக்கமும் ஆர்டர் ஒரு பக்கமும் வேண்டுகிறவருக்கு உதவாது. இரண்டாவது யோசனை டிஸ்ப்ளேபோர்ட் ஹப். இது ஸ்பிளிட்டர் போன்றதல்ல. 2010க்கு முந்தைய டிஸ்ப்ளேபோர்ட்டுக்குத் தெரியாத வித்தை ஒன்றை அதன் 1.2 பதிப்பு கற்றுக்கொண்டது. ஒரே கேபிளில் பல தனிப் படங்களை அனுப்பி, மறுமுனையில் பிரித்துக்கொள்ளலாம். சில மானிட்டர்களிலேயே உள்ளே வர ஒன்று, அடுத்த மானிட்டருக்குப் போக ஒன்று என்று இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும். கேபிளில் இடமும் தாராளம். 1.2 பதிப்பில் நொடிக்கு ஏறக்குறைய 17 கிகாபிட் படத் தகவல் போகும். நாம் வழக்கமாக வாங்கும் 1920-க்கு-1080 மானிட்டர் ஒன்றுக்கு மூன்றரை கிகாபிட்டுக்குள் போதும். ஆனால் ஹப் வழியைப் பிரித்துத் தருமே தவிர, வரைகிற கையை அதிகப்படுத்தாது. இரண்டு படம் வரையும் போர்டில் நான்கு வாய் ஹப்பை மாட்டினாலும் இரண்டு படம்தான். எச்.டி.எம்.ஐ.யில் இந்த வித்தையே கிடையாது என்பதால், நம் எச்310 மேசைக்கு இது இரட்டிப்பு வீண்.

உண்மையில் உதவுவது இன்னொரு சிப்பைக் கொண்டுவருவதுதான். அதை உள்ளே ஸ்லாட்டில் மாட்டலாம், அல்லது வெளியே யு.எஸ்.பி.யில் மாட்டலாம்.

ஸ்லாட்டில் மாட்டுவதற்கு விலையுயர்ந்த கேமிங் கார்டு தேவையில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "டிரேடிங்குக்கு நாலு ஜிபி கார்டாவது வேணும் சார்" என்று சொல்லாத கடையே இல்லை. 1920-க்கு-1080 திரை ஒன்றின் படத்தைப் பிடித்து வைக்கத் தேவையான நினைவகம் ஏறக்குறைய 8 மெகாபைட். மூன்றுக்கும் சேர்த்து 25. பிரவுசரும் சார்ட் மென்பொருளும் அதற்கு மேல் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மெழுகுவர்த்திச் சார்ட்டும் விலைப் பட்டியலும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு வேலையே இல்லை. அந்தப் பணத்தை 16 ஜிபி ராமுக்கும் நல்ல யு.பி.எஸ்.ஸுக்கும் கொடுத்தால் சந்தை நேரத்தில் வித்தியாசம் தெரியும்.

நம் மேசைக்கு இரண்டு கார்டுகள் பொருந்தும். முதலாவது என்விடியாவின் ஜி.டி. 1030. அதிகபட்சம் 30 வாட் எடுக்கும், ஸ்லாட்டே அதைக் கொடுத்துவிடும், எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டாம், தனியாகப் பவர் கேபிள் வேண்டாம். அதில் இரண்டு போர்ட்தான்: எச்.டி.எம்.ஐ. ஒன்று, டி.வி.ஐ. அல்லது டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று. இரண்டுதானே என்று தள்ளிவிடாதீர்கள். போர்டில் இருக்கும் இரண்டையும் உயிரோடு வைத்துக்கொண்டால் மொத்தம் நான்கு. பழைய 19 அங்குலம் போர்டின் வி.ஜி.ஏ.யில், 22 அங்குலம் போர்டின் எச்.டி.எம்.ஐ.யில், புதிய 24 அங்குலம் கார்டின் எச்.டி.எம்.ஐ.யில். ஒரு அடாப்டர்கூடத் தேவையில்லை.

இதில் ஒரு கண்ணி உண்டு. கார்டை மாட்டி ஸ்விட்ச் போட்டதும், இதுவரை ஓடிக்கொண்டிருந்த இரண்டு மானிட்டரும் இருண்டுவிடும். புதியது மட்டும் எரியும். கார்டைக் கண்டதும் போர்டு தன் சொந்த கிராபிக்ஸை அணைத்துவிடுவதுதான் காரணம். பயாஸுக்குள் போய் அதைத் திரும்ப விழிக்கவைக்க வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் Delete அல்லது F2 பொத்தானை விடாமல் தட்டினால் பயாஸ் திறக்கும். கிகாபைட் போர்டில் Internal Graphics, ஆசூஸில் iGPU Multi-Monitor, எம்.எஸ்.ஐ.யில் IGD Multi-Monitor போன்ற பெயர்களில் அந்த அமைப்பு இருக்கும். அது Auto அல்லது Disabled என்று இருக்கும். Enabled என்று மாற்றிச் சேமித்து வெளியே வந்தால் மூன்றும் எரியும்.

அதோடு முடிந்ததா என்றால், ஒன்று மிச்சமிருக்கிறது. பயாஸின் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பது போர்டில் இருக்கும் ரூபாய் நாணயம் அளவிலான பேட்டரி. சில வருடங்களில் அது தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு, இரவு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போய் காலையில் போட்டால் எல்லா அமைப்பும் பழைய நிலைக்குத் திரும்பி, இரண்டு மானிட்டர் எரியாது. அதே நாளில் கம்ப்யூட்டரில் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், சிஆர்2032 என்ற அந்தப் பேட்டரிதான். இது தெரியாமல் மானிட்டரை சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

இரண்டாவது வழி, மூன்று படத்தையும் ஒரே கார்டிலிருந்து எடுப்பது. என்விடியாவின் டி400 இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். இதுவும் 30 வாட்தான், ஒல்லிப் பெட்டிக்குள்ளும் போகும் அளவு குட்டை, பின்னால் மூன்று மினி டிஸ்ப்ளேபோர்ட். போர்டின் கிராபிக்ஸை நம்ப வேண்டாம், பயாஸைத் தொட வேண்டாம், டிரைவர் ஒன்றே ஒன்று. சந்தை நேரத்தில் தகராறு வரக்கூடாது என்று நினைப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் நம் மானிட்டர்களில் ஒன்றிலும் மினி டிஸ்ப்ளேபோர்ட் இல்லை. இங்கேதான் அடாப்டர் விஷயம் வருகிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அடாப்டர்களில் இரண்டு சாதி. ஒன்று வெறும் கம்பியை மாற்றிக் கட்டி, வாயின் வடிவத்தை மட்டும் மாற்றுவது. மற்றொன்று உள்ளே சிப் வைத்து, வருகிற சிக்னலையே வேறு சிக்னலாக மாற்றுவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்பு பிளாஸ்டிக். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும்போது முதல் ரகமே பெரும்பாலும் போதும். காரணம், கார்டே அடாப்டரை அடையாளம் கண்டுகொண்டு, அந்த வாயில் எச்.டி.எம்.ஐ. சிக்னலையே அனுப்பத் தொடங்கிவிடும். 1920-க்கு-1080 மானிட்டருக்கு இது கச்சிதம். 4கே மானிட்டர் என்றால் மலிவான அடாப்டரில் நொடிக்கு 30 படத்தில் நின்றுவிடும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்வதுபோலத் தெரிந்தால் அதுதான் அறிகுறி. அப்போது 4கே, 60 ஹெர்ட்ஸ் என்று எழுதிய சிப் உள்ள ரகம் வேண்டும்.

வி.ஜி.ஏ.க்குப் போவது வேறு கதை. வி.ஜி.ஏ. அனலாக் சிக்னல், மற்றவை டிஜிட்டல். நடுவில் சிப் இல்லாமல் இது நடக்கவே நடக்காது. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு விற்கப்படும் சின்ன அடாப்டர்களில் அந்தச் சிப் இருக்கும். அதற்கான மின்சாரத்தை அது எச்.டி.எம்.ஐ. போர்ட்டிலிருந்தே உறிஞ்சும், ஆனால் போர்ட் தர வேண்டிய குறைந்தபட்சம் வெறும் 55 மில்லிஆம்பியர்தான். சிலவற்றுக்கு அது பத்தாது. படம் அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு கண் சிமிட்டத் தொடங்கும். பக்கத்தில் யு.எஸ்.பி. மின்சாரம் கொடுக்கச் சிறு வாய் வைத்த அடாப்டராகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. டி.வி.ஐ.யிலும் இதுபோலக் குழப்பம் உண்டு. தட்டையான நீளப் பின்னைச் சுற்றி நான்கு சிறு ஓட்டைகள் இருந்தால் அதில் அனலாக் சிக்னலும் வரும், சாதாரண வி.ஜி.ஏ. அடாப்டர் போதும். அந்த நான்கும் இல்லையென்றால் அது வெறும் டிஜிட்டல். ஜி.டி. 1030இல் இருப்பது இந்த இரண்டாவது வகை.

திசையும் முக்கியம். டிஸ்ப்ளேபோர்ட்–எச்.டி.எம்.ஐ. கேபிள் என்று வாங்கினால், டிஸ்ப்ளேபோர்ட் முனை கம்ப்யூட்டரிலும் எச்.டி.எம்.ஐ. முனை மானிட்டரிலும் இருக்க வேண்டும். கார்டில் எச்.டி.எம்.ஐ.யும் மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட்டும் இருக்கிறது என்று அதையே திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. இரண்டு முனையும் அழகாகப் பொருந்தும், படம் மட்டும் வராது.

பழைய கார்டை மலிவாக வாங்க ரிச்சி தெருப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏ.எம்.டி. 2009இல் விட்ட ரேடியான் எச்.டி. 5000 வரிசைதான் மூன்று படத்தைச் சாதாரண வீட்டுக் கார்டுக்குக் கொண்டுவந்தது. ஆனால் எச்.டி.எம்.ஐ., டி.வி.ஐ. போன்ற பழைய வகைச் சிக்னல்களுக்குத் தேவையான கடிகாரத் துடிப்பை உண்டாக்கும் பகுதி அதில் இரண்டுதான். மூன்றாவது மானிட்டர் டிஸ்ப்ளேபோர்ட்டில் நேராக ஓட வேண்டும், அல்லது சிப் உள்ள அடாப்டர் வழியாக ஓட வேண்டும். சாதாரண அடாப்டரைப் போட்டால் கார்டு மூன்றாவது கடிகாரத்தைத் தேடித் தோற்றுவிடும். விண்டோஸில் மூன்றாவது கட்டம் தெரியும், ஆனால் அதை எரியவைக்கப் போனால் வேறொன்று அணையும். என்விடியாவில் 2012க்கு முந்தைய ஜீபோர்ஸ் கார்டுகள் என்றால் ஒரு கார்டுக்கு இரண்டு திரைதான், எத்தனை போர்ட் இருந்தாலும்.

யு.எஸ்.பி. அடாப்டரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பெட்டியைத் திறக்கவே கூடாது என்று வாரண்டி சீல் ஒட்டிய அலுவலகக் கம்ப்யூட்டருக்கும், ஸ்லாட்டே இல்லாத கைக்கடக்கமான மினி கம்ப்யூட்டருக்கும் அதுதான் வழி. டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ளதாகப் பார்த்து, யு.எஸ்.பி. 3 வாயில் சொருகி, டிரைவர் போட்டால் எச்310 போர்டின் கணக்கைத் தாண்டி ஒரு திரை கிடைக்கும். படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையைப் பிராசசர் செய்வதால், மெயிலும் எக்செல்லும் சுகமாக ஓடும். நொடிக்கு நொடி துடிக்கும் விலைப் பட்டியலை அதில் வைக்காமல் இருப்பது நல்லது.

புதிதாகவே கம்ப்யூட்டர் வாங்குகிறவருக்கு இவ்வளவு தலைவலி கிடையாது. எச்610 சிப்செட் மூன்று படம் வரை அனுமதிக்கும். அதில் எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளேபோர்ட், வி.ஜி.ஏ. மூன்றும் வைத்த போர்டைத் தேடிப் பிடித்து, F வால் இல்லாத கோர் ஐ3-12100 போட்டால் கார்டே வேண்டாம். அதே எச்610இல் எச்.டி.எம்.ஐ.யும் வி.ஜி.ஏ.யும் மட்டும் வைத்த போர்டுகளும் கடையில் அதிகம். அங்கே சிப் மூன்று வரையத் தயாராக இருக்கும், வாசல்தான் குறையும்.

எல்லாம் மாட்டிய பிறகு விண்டோஸ் பொத்தானோடு P தட்டி Extend என்பதைத் தேர்ந்தெடுங்கள். செட்டிங்ஸில் Display பகுதிக்குப் போனால் 1, 2, 3 என்று கட்டங்கள் தெரியும். அவற்றை மேசையில் மானிட்டர் நிற்கும் வரிசைப்படியே இழுத்து வையுங்கள். மூன்றாவது கட்டம் தெரிந்தும் எரிய மறுத்தால் கேபிளைச் சந்தேகப்படாதீர்கள், சிப்பின் கணக்கு முடிந்துவிட்டது. கட்டமே தெரியாவிட்டால்தான் கேபிள், அடாப்டர், மானிட்டரின் இன்புட் தேர்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மேசையையும் அளந்துகொள்ளுங்கள். 24 அங்குல மானிட்டர் ஒன்றின் அகலம் சுமார் 54 சென்டிமீட்டர். மூன்றை நேர்கோட்டில் வைத்தால் 162, ஐந்தடி மேசையில் நிற்காது. ஒன்றை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மொத்தம் 140க்குள் அடங்கும், நீளமான ஆர்டர் பட்டியலுக்கும் அந்த நெட்டை வாகுதான் வசதி. அப்படித் திருப்பத் தாங்கி வேண்டும், தாங்கியை மாட்ட மானிட்டரின் முதுகில் நான்கு திருகு ஓட்டைகள் வேண்டும். மலிவான மாடல்கள் சிலவற்றில் அவை இருப்பதில்லை.

டிஸ்ப்ளேபோர்ட்டில் ஓடும் மானிட்டருக்கு ஒரு குணம் உண்டு. மதியம் சாப்பிடப் போகும்போது அதன் பொத்தானை அழுத்தி அணைத்தால், மானிட்டரையே பிடுங்கிவிட்டதாக விண்டோஸ் நினைத்துக்கொண்டு, அதிலிருந்த சன்னல்களையெல்லாம் அடுத்த திரையில் கொண்டுபோய்க் குவித்துவிடும். விண்டோஸ் 11இல் Display பகுதியின் Multiple displays என்பதைத் திறந்து, Remember window locations based on monitor connection என்ற கட்டத்தில் டிக் போட்டுவைத்தால், மானிட்டரைத் திரும்ப ஆன் செய்ததும் சன்னல்கள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே போய்விடும். விண்டோஸ் 10இல் அந்தக் கட்டம் இல்லை. அங்கே பொத்தானைத் தொடாமல், விண்டோஸ் பொத்தானோடு L தட்டிப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவதே உத்தமம்.